சாவி கொடுக்கும் நேரத்தில் வரும் கடிதம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குவோர் பலர் பதிவுக் கட்டணம், வங்கிக் கடன், மாதத் தவணை என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் இல்லாத ஒன்று, வீட்டை ஒப்படைக்கச் சில வாரங்கள் இருக்கையில் கட்டுமான நிறுவனத்திடமிருந்து வரும் கேட்புக் கடிதம். கடைசித் தவணையோடு ஜிஎஸ்டி, கார்பஸ் நிதி, கிளப் கட்டணம் எனச் சில வரிகள் அதில் சேர்ந்திருக்கும். பதினைந்து நாள்களில் செலுத்தாவிட்டால் வட்டி, செலுத்தும்வரை சாவி கிடையாது என்ற எச்சரிக்கையும் இருக்கும். இருக்கும் வீட்டுக்கு வாடகையும் வாங்கிய வீட்டுக்கு மாதத் தவணையும் ஒருசேரக் கட்டிக்கொண்டிருப்பவர், அந்த வேளையில் வாதாடும் நிலையில் இருப்பதில்லை. கார்பஸ் நிதிக்கும் கிளப் கட்டணத்துக்கும் வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை என்பதால் அத்தொகை கைப்பணத்திலிருந்தே போகிறது.

ஆனால், இக்கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒப்பந்தத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். அப்படிப் பார்த்தால் சில வரிகள் நியாயமாகவும், சில பாதி நியாயமாகவும், சில ஆதாரமே இல்லாமலும் இருப்பது தெரியவரும். இதை விளக்கச் சென்னைப் புறநகரில் 1,200 சதுர அடி விற்பனைப் பரப்புள்ள ஒரு வீட்டை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். பிரிபடாத நிலப் பாகத்தின் மதிப்பும் கட்டுமான மதிப்பும் சேர்ந்து ஒப்பந்த விலை 84 லட்சம் ரூபாய். கேட்புக் கடிதத்தில் உள்ளவை: ஐந்து சதவீதக் கடைசித் தவணை 4,20,000 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 21,000, சதுர அடிக்கு 75 ரூபாய் வீதம் கார்பஸ் நிதி 90,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 16,200, கிளப் உறுப்பினர் கட்டணம் 1,50,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 27,000. மொத்தம் 7,24,200 ரூபாய்.

முதலில் வரி. இந்த இடத்தில் வாங்குபவர்களே தவறாக வாதிடுவதுண்டு. ‘பணி நிறைவுச் சான்று வந்துவிட்டது, நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆகவே கடைசித் தவணைக்கு வரி கேட்பது தவறு’ என்பது அந்த வாதம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்கான முழுத் தொகையும் நிறைவுச் சான்று வழங்கப்பட்ட பிறகோ, அதற்கு முன்பே முதல் குடியேற்றம் நடந்திருந்தால் அதற்குப் பிறகோ பெறப்பட்டிருந்தால் மட்டுமே அந்த விற்பனை ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கும். கட்டுமானக் காலத்தில் ஒரு பகுதித் தொகை செலுத்தப்பட்டிருந்தாலும் முழு விலையும் வரிக்கு உட்பட்டது. எஞ்சிய தவணை சான்று வந்த பிறகு போவதால் அதற்கு விலக்குக் கிடைக்காது. நம் மாதிரிக் கணக்கின் 21,000 ரூபாய் சரியான கேட்புதான்.

விகிதத்தையும் சரிபார்க்கலாம். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய குடியிருப்புத் திட்டங்களுக்கு விகிதம் 5 சதவீதம். விலை 45 லட்சத்துக்கு மிகாமலும், உள்பரப்பு பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்கும் பிற ஊர்களில் 90 சதுர மீட்டருக்கும் மிகாமலும் இருந்தால் அது கட்டுப்படியாகும் வீடு. அதற்கு விகிதம் 1 சதவீதம். நில மதிப்புக்காக மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்த பிறகு நிற்கும் நிகர விகிதங்கள் இவை. எனவே தமிழகத்தில் வழக்கமாக உள்ளதுபோல் நிலப் பாகத்துக்கு ஓர் ஆவணம், கட்டுமானத்துக்கு ஓர் ஒப்பந்தம் என இரண்டாகப் பிரித்திருந்தாலும் இரண்டின் கூட்டுத்தொகைக்கே 5 சதவீதம் கணக்கிடப்படும். நிலத்துக்குத் தனியாக விலக்குக் கேட்க இடமில்லை.

வரியில் உண்மையான சிக்கல் கார்பஸ் நிதிக்குக் கேட்கப்படும் 18 சதவீதத்தில் இருக்கிறது. மத்திய சரக்கு-சேவை வரிச் சட்டம், ‘மறுபயன்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே, ஒரு சேவைக்காகப் பெறப்பட்ட வைப்புத்தொகையை அந்தச் சேவைக்கான விலையாக வழங்குபவர் ஈடுகட்டிக்கொள்ளும்வரை அது விலையாகக் கருதப்படாது என்கிறது. கார்பஸ் நிதி என்பது பிற்காலத்தில் மின்தூக்கியை மாற்றவும், கட்டடத்துக்கு மறுபடி வண்ணம் பூசவும், ஜெனரேட்டர் பழுதடைந்தால் புதிது வாங்கவும் எனப் பெரிய செலவுகளுக்காக எடுத்து வைக்கும் பணம். நிறுவனம் அதைத் தற்காலிகமாகக் காத்து வைத்திருந்து, உரிமையாளர் சங்கம் அமைந்ததும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அது வைப்புத்தொகை என்றால் வாங்கும்போதே வரி எதற்கு? அது வைப்புத்தொகை இல்லை, நிறுவனத்தின் சேவைக்கான கட்டணம் என்றால் அதைச் சங்கத்துக்கு மாற்றித் தரப்போவதில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொள்வதாகும். இரண்டையும் ஒரே கடிதத்தில் சொல்ல முடியாது. இந்த 16,200 ரூபாய்க்கு எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வரி என்று எழுத்தில் கேட்பதே முறை. பணம் செலுத்தினாலும் வரி விவரம் கொண்ட விலைப்பட்டியல் கேட்டுப் பெற வேண்டும். வசூலித்த வரி அரசுக்குப் போகிறதா என்பதைத் தொடர்ந்து கேட்க அதுதான் பிடிமானம்.

இனி கார்பஸ் நிதியின் தொகை. நம் மாதிரி ஒப்பந்தத்தின் வாசகம் இப்படி இருக்கிறது என்று கொள்வோம்: ‘சதுர அடிக்கு 50 ரூபாய், அல்லது ஒப்படைக்கும் வேளையில் நிறுவனம் நிர்ணயிக்கும் தொகை’. இந்த ‘அல்லது’தான் சண்டையின் ஊற்றுக்கண். வீட்டு மனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016 என்னும் ரெரா சட்டத்தின் வாசகத்தில் கார்பஸ் நிதி என்ற சொல்லே இல்லை. அச்சட்டத்தின் 19(6) பிரிவு, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட முறையிலும் காலத்திலும் பணம் செலுத்துவது வாங்குபவரின் கடமை என்கிறது. கூடவே பதிவுச் செலவு, நகராட்சி வரி, தண்ணீர், மின்சாரம், பராமரிப்பு ஆகியவற்றில் அவர் பங்கையும் ‘இருப்பின் பிற கட்டணங்களையும்’ செலுத்த வேண்டும் என்கிறது. கட்டுமான நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் பிடித்துக்கொள்வது இந்தப் ‘பிற கட்டணங்கள்’ என்ற சொல்லைத்தான்.

அச்சொல் எதை வேண்டுமானாலும் உள்ளே விடும் திறந்த கதவு ஆகாது. விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்குவதற்கு முன்னரே ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்றும், எந்தத் தொகை எந்தத் தேதியில் எப்படிச் செலுத்தப்பட வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. பின்னால் ஒருதலையாக நிரப்பிக்கொள்ளும் வெற்றிடத்தை ஒப்பந்தத்தில் விட்டுவைத்தால் அந்தப் பிரிவுக்கு வேலையே இல்லாமல் போய்விடும். எனவே 50 ரூபாய் என்ற எண் ஒப்பந்த விலை. அதற்கான 60,000 ரூபாயைச் செலுத்த வேண்டியதுதான். எஞ்சிய 30,000 ரூபாய்க்கு நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும். என்ன செலவு மதிப்பீட்டின் அடிப்படையில் 50 ரூபாய் 75 ஆனது? எல்லா வீடுகளுக்கும் இதே வீதம்தானா, விற்காமல் கைவசம் உள்ள வீடுகளுக்கு நிறுவனம் தன் பங்கைச் செலுத்துகிறதா? பின்னதைப் பலர் கேட்பதே இல்லை. ஆனால், முப்பது வீடுகள் விற்காமல் இருக்கும் ஒரு வளாகத்தில் சங்கத்தின் கைக்கு வரும் நிதி எவ்வளவு என்பது அந்தக் கேள்வியைப் பொறுத்திருக்கிறது.

தொகையைவிட முக்கியம், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பது. கேட்புக் கடிதத்தில் உள்ள வங்கிக் கணக்கு நிறுவனத்தின் அன்றாட நடப்புக் கணக்காக இருந்தால் கார்பஸ் நிதி அடுத்த திட்டத்தின் சிமென்ட்டாகவும் கம்பியாகவும் மாற வெகு நாள் ஆகாது. தனிக் கணக்கில் வைக்கப்படுமா, அதன் வட்டி யாருக்கு, சங்கம் பதிவான எத்தனை நாள்களில் மாற்றப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால், பணம் கொடுக்கும் முன்பு கடிதத்திலாவது பெற வேண்டும். பராமரிப்பு முன்பணத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது காவலர் சம்பளத்துக்கும் பொது மின்கட்டணத்துக்கும் மாதந்தோறும் செலவாகிற பணம். அதற்குக் கணக்கு வழக்கு வேறு. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துக் கேட்கும் கடிதங்கள் உண்டு. பிரித்து எழுதித் தரச் சொல்வதில் தவறில்லை.

கிளப் கட்டணத்தின் கதை வேறு. மாதிரி ஒப்பந்தத்தின் விலை அட்டவணையில் அப்படி ஒரு வரியே இல்லை. பொது வசதிகளைப் பட்டியலிடும் இணைப்பில் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றோடு கிளப் கட்டடமும் இருக்கிறது. விசாரித்தால், முன்பதிவின்போது கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவத்தில் ‘கிளப் கட்டணம், பொருந்தும் வகையில்’ என்று இருப்பதை விற்பனை அலுவலர் எடுத்துக் காட்டுகிறார். இங்கே நிறுவனம் தானே எழுதிய ஒரு விதி வாங்குபவருக்குத் துணையாக வருகிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில், ‘இந்த ஒப்பந்தமே தரப்பினரிடையே உள்ள முழு உடன்பாடு, இதற்கு முந்தைய விண்ணப்பங்கள், கடிதங்கள், வாய்மொழி உறுதிகள் அனைத்தையும் இது நீக்குகிறது’ என்று ஒரு விதி இருக்கும். விளம்பரப் பிரசுரத்தில் சொன்ன வசதிகளைக் கேட்டு வாங்குபவர் வரும்போது மறுப்பதற்காக எழுதப்பட்டது அது. அதே விதி விண்ணப்பப் படிவத்தையும் நீக்கிவிடுகிறது.

ஒப்பந்தம் ஒருபுறம் இருக்க, சட்டத்தின் அடிப்படையிலும் இக்கட்டணம் கேள்விக்குரியது. ரெரா சட்டம் ‘பொதுப் பகுதிகள்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் திட்டத்தில் அமைக்கப்படும் சமுதாய வசதிகளும் அடங்குகின்றன. 17ஆவது பிரிவின்படி பொதுப் பகுதிகளின் உரிமையை உரிமையாளர் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கிளப் கட்டடம் எல்லோருக்கும் பொதுச் சொத்து என்றால், தன் பங்குள்ள சொத்துக்குள் நுழைய ஒருவர் ஏன் ஒன்றரை லட்சம் ரூபாய் உறுப்பினர் கட்டணம் செலுத்த வேண்டும்? அதைக் கட்டிய செலவு 84 லட்சத்துக்குள் அடங்கியதுதானே?

கிளப் உண்மையிலேயே தனி நிறுவனத்துக்குச் சொந்தமானதாக, வெளியாருக்கும் உறுப்பினர் உரிமை தரும் வணிக அமைப்பாக இருப்பதும் உண்டு. அப்போது கட்டணம் கேட்பதில் பொருள் இருக்கிறது. ஆனால் சேர்வதா வேண்டாமா என்பது வாங்குபவரின் விருப்பமாக இருக்க வேண்டும். சாவியோடு அதைக் கட்டிப்போட முடியாது. எது எந்த வகை என்று அறிய, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும், ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அத்திட்டத்துக்கான பக்கத்தில் நிறுவனம் பதிவேற்றிய பொது வசதிப் பட்டியலையும் பார்க்கலாம். அங்கே பொது வசதி என்று சொல்லிவிட்டு இங்கே தனிக் கட்டணம் கேட்டால் முரண்பாடு நிறுவனத்தின் சொந்த ஆவணங்களுக்குள்ளேயே இருக்கிறது. கிளப் இன்னும் கட்டி முடியவில்லை, அடுத்த கட்டத்தில்தான் வரும் என்ற நிலையில் கட்டணம் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

வரிச் சட்டமும் இதை எப்படிப் பார்க்கிறது என்பது கவனிக்கத் தக்கது. 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் விலையுள்ள வீடு வாங்குபவர் ஒரு சதவீதம் வருமான வரிப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தம், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல், கிளப் உறுப்பினர் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், மின்சார, தண்ணீர் வசதிக் கட்டணங்கள், பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றையும் சொத்தின் விலைக்குள் சேர்த்தது. அதாவது, வீட்டோடு சேர்த்து வாங்கப்படும் கிளப் கட்டணம் வீட்டு விலையின் ஒரு பகுதி என்பது அந்தச் சட்டத்தின் பார்வை. இது ஜிஎஸ்டி விகிதத்தைத் தானாகத் தீர்மானிக்காது. ஆனாலும், கட்டுமானத்தோடு பிரிக்க முடியாமல் விற்கப்படும் வசதிக்கு 5 சதவீதம் போதாதா, 18 எதற்கு என்று நிறுவனத்திடம் விளக்கம் கேட்க இது நல்ல காரணம். நடைமுறையில் கிளப் கட்டணத்தைச் செலுத்துவது என்று முடிவு செய்தால் அதிலும் ஒரு சதவீதத்தைப் பிடிக்க மறக்கக் கூடாது. பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாங்குபவருடையது.

இப்போது கணக்குக்குத் திரும்புவோம். கடைசித் தவணை 4,20,000, அதற்கான ஜிஎஸ்டி 21,000, ஒப்பந்தப்படியான கார்பஸ் நிதி 60,000. ஆக 5,01,000 ரூபாய் தகராறு இல்லாத தொகை. மீதமுள்ள 2,23,200 ரூபாய்தான் கேள்விக்குரியது. கோபத்தில் மொத்தத்தையும் நிறுத்தி வைப்பது பலர் செய்யும் காரியம்; அது நிறுவனத்தின் கையைத்தான் பலப்படுத்தும். தாமதத்துக்கு வட்டி கேட்க 19(7) பிரிவு அதற்கு இடம் தருகிறது. தகராறு இல்லாத தொகையை வரிப் பிடித்தம் போகக் கெடுவுக்குள் செலுத்திவிட்டு, எஞ்சிய ஒவ்வொரு வரிக்கும் ஒப்பந்தத்தின் எந்த விதி ஆதாரம் என்று பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் கேட்பதே பாதுகாப்பான வழி.

கடிதத்தில் மிரட்டும் வட்டி விகிதத்தையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 18 சதவீதம் என்று பழைய படிவங்களிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. வாங்குபவர் தாமதித்தால் செலுத்தும் வட்டியும், நிறுவனம் தவறினால் செலுத்தும் வட்டியும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது ரெரா சட்டம் ‘வட்டி’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே உள்ளது. பயனியர் அர்பன் வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்த ஒப்பந்தத்தில் வாங்குபவர் தாமதித்தால் 18 சதவீதம், நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால் 9 சதவீதம் என்று இருந்தது. இப்படிப்பட்ட ஒருதலைப்பட்சமான விதிகளை ஒப்பந்தத்தில் புகுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்றும், வேறு வழியின்றிக் கையெழுத்திட்ட வாங்குபவரை அவை கட்டுப்படுத்தாது என்றும் நீதிமன்றம் கூறியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதையே ஒரு தனிக் குறையாக வரையறுத்து, அதைப் பற்றிய புகாரை மாநில, தேசிய ஆணையங்கள் விசாரிக்க வழிசெய்திருக்கிறது. ‘அல்லது நிறுவனம் நிர்ணயிக்கும் தொகை’ போன்ற வாசகங்களை அங்கே சோதித்துப் பார்க்கலாம்.

இவ்வளவு வழிகள் இருந்தும் பெரும்பாலோர் பணம் கட்டிவிடுவதற்குக் காரணம் சட்டம் தெரியாமை மட்டுமல்ல. வாடகை ஒப்பந்தம் முடிகிறது, பிள்ளைகளின் பள்ளி திறக்கிறது, புதுமனைப் புகுவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இந்நிலையில் இரண்டு லட்சத்துக்காக ஓராண்டு அலைய யாருக்கு மனம் வரும்? கட்டுவது என்றே முடிவு செய்தாலும் ‘ஆட்சேபத்துடன் செலுத்தப்படுகிறது’ என்று அன்றே எழுதி அனுப்பிவிடலாம். சாவி தரும்போது ‘எனக்கு எவ்விதக் கோரிக்கையும் இல்லை’ என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் எல்லாம் போய்விட்டதாகக் கருத வேண்டாம். டிஎல்எஃப் சதர்ன் ஹோம்ஸ் நிறுவனத்தின் பெங்களூருத் திட்டம் தொடர்பான வழக்கில் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வீட்டைப் பெறுவதற்காகவும் பத்திரம் பதிவதற்காகவும் வாங்குபவர் தம் இழப்பீட்டு உரிமையைக் கைவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று கருதியது.

மாநில ஒழுங்குமுறை ஆணையம் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. திட்டத்தைப் பதிவு செய்யும்போதே விற்பனை ஒப்பந்தத்தின் படிவத்தை நிறுவனம் ஆணையத்திடம் அளிக்கிறது. விலைக்கு மேல் வசூலிக்கப்போகும் ஒவ்வொரு கட்டணத்தையும் ரூபாயிலும் செலுத்தும் நாளோடும் காட்டும் ஒரே பட்டியல் அதில் இல்லையென்றால் பதிவை நிறுத்தி வைக்கலாம். ‘நிர்ணயிக்கும் தொகை’, ‘பொருந்தும் வகையில்’ என்ற சொற்கள் வரும் இடங்களைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லலாம். புகார் வந்த பிறகு வீடு வீடாகத் தீர்ப்பு எழுதுவதைவிட ஆணையத்துக்கும் இது வேலை மிச்சம். அதுவரை, முன்பதிவுத் தொகை கொடுக்கும் நாளில் ஒப்பந்த வரைவை வாங்கிப் படித்து, அந்த ‘அல்லது’ இருக்கும் வரியை அடித்து எண்ணை மட்டும் விடச் சொல்வது வாங்குபவரின் பாடாகவே இருக்கும். விற்பனை அலுவலர் இறங்கிவந்து பேசும் ஒரே நாளும் அதுதான்.